பஸ் 15 நிமிடம்தான் நிற்கும், 22 பேருக்கு பர்கர், சான்ட்விச், ராப் கொடுக்க வரிசையை எப்படி அமைப்பது?

மாங்குளம் மருதா

வணக்கம். மாங்குளம் சந்திக்குக் கிட்ட ஏ9 வீதியோரம் எங்களுக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. ரோல்ஸ், கட்லட் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று மாதத்துக்கு முன் பர்கர், சான்ட்விச், ராப் தொடங்கினோம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போகும் ஒரு இரவு பஸ் எங்கள் கடையில் 15 நிமிடம் நிறுத்த ஒத்துக்கொண்டது. ஆட்கள் இறங்கி, கை கழுவி, என்ன வேண்டும் என்று சொல்வதற்கே 3 நிமிடம் போகும். மிச்சம் 12 நிமிடம்.

நாங்கள் மூன்று பேர்: நான், தம்பி, பக்கத்து வீட்டுத் தங்கச்சி. ஒரு ஓடர் வந்தால் ஒருவர் எடுத்து முதலிலிருந்து கடைசிவரை செய்து கொடுப்போம். போன சனிக்கிழமை 22 பேர் கேட்டார்கள், 13 தான் கொடுக்க முடிந்தது. டிரைவர் ஹோர்ன் அடிக்க மிச்சம் 9 பேர் வெறுங்கையோடு ஏறினார்கள். அதில் ஒரு அம்மா காசும் கட்டிவிட்டுக் காத்திருந்தவர். ஓடிப்போய் ஜன்னலால் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அது மனதை விட்டுப் போகவில்லை.

கோழி பொரிய 6 நிமிடம் எடுப்பதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். இன்னொரு பொரிக்கும் அடுப்பு வாங்கலாமா?

பரந்தன் பையன்

அக்கா, அடுப்பு வேண்டாம். பஸ் வர முதலே எல்லாவற்றையும் செய்து பேப்பரில் சுற்றி, ரோல்ஸ் வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் லைட்டைப் போட்டு வையுங்கள். ஆட்கள் வந்ததும் எடுத்து நீட்ட வேண்டியதுதான். 22 பேர் என்ன, 50 பேருக்கும் கொடுக்கலாம்.

வவுனியா சமையல்கட்டு

தங்கச்சி, நான் கனடாவில் 11 வருடம் பர்கர் கடை அடுப்படியில் நின்றவன். இப்போது வவுனியாவில் சொந்தமாகச் சிறிய சமையலறை நடத்துகிறேன். அடுப்பு வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். போனை மேலே ஒரு தட்டில் சாய்த்து வைத்து, மேசை முழுவதும் தெரிய ஒரு பஸ் நேரத்தை வீடியோ எடுங்கள். பிறகு ஆறுதலாக இருந்து, ஒவ்வொரு கை அசைவுக்கும் எத்தனை செக்கன் போகிறது என்று எழுதுங்கள். 22இல் எத்தனை பர்கர், எத்தனை ராப், எத்தனை சான்ட்விச் என்றும் சொல்லுங்கள். அது தெரியாமல் வரிசை போட முடியாது.

பரந்தன் தம்பி சொன்னதில் பாதி சரி. சான்ட்விச்சுக்கு அது சரி, பர்கருக்குச் சரிவராது. சூடான கோழியோடு தக்காளியையும் கோவாவையும் சேர்த்துச் சுற்றி வைத்தால் பத்து நிமிடத்தில் ஆவி வெளியே போக முடியாமல் பணிஸ் நனைந்துவிடும். கோவா வெந்த மாதிரி ஆகும், பொரியலின் மொறுமொறுப்பும் போய்விடும். பஸ்ஸில் ஏறிப் பேப்பரைப் பிரிக்கிறவர் கையில் பணிஸின் அடிப்பக்கம் கழன்று வரும்.

விசுவமடு ரீச்சர்

நல்ல நேரத்தில் இந்தக் கேள்வி வந்தது. எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு 300 சான்ட்விச் செய்ய வேண்டும். காலை 10 மணிக்கு இடைவேளை. முதல் நாள் இரவே செய்து வைக்கலாமா? ஒரு பாணுக்கு எத்தனை துண்டு வரும் என்று கணக்குப் பார்ப்பது?

வவுனியா சமையல்கட்டு

ரீச்சர், உங்களுடையது வேறு வேலை. 300ஐயும் ஒரே நேரத்தில் கொடுக்கப் போகிறீர்கள், எல்லாம் ஒரே சாமான். மேசை நீளத்துக்குப் பாண் துண்டுகளைப் பரப்பி, ஒருவர் பட்டர் பூசிக்கொண்டே போக, அடுத்தவர் உள்ளீடு வைத்துக்கொண்டே போனால் போதும். மருதாவுக்கு ஒவ்வொருவரும் வேறு வேறு கேட்கிறார்கள், அதுதான் சிக்கல். முட்டைச் சான்ட்விச் என்றால் 300ஐயும் குளிராக வைக்க உங்களிடம் பிரிட்ஜ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் முதல் நாள் இரவு வேண்டாம், அதிகாலையில் செய்யுங்கள்.

மாங்குளம் மருதா

வீடியோ எடுத்துப் பார்த்தேன் அண்ணை. 22இல் 10 பர்கர், 7 ராப், 5 முட்டைச் சான்ட்விச்.

நான் நினைத்ததற்கு மாறாக இருக்கிறது. கோழிக்காகக் காத்திருந்தது இரண்டு முறைதான். மிச்ச நேரமெல்லாம் வேறு எங்கோ போகிறது. மயோனைஸ் டப்பாவின் மூடியைத் திறந்து, கரண்டி தேடி, பூசி, மூடியைத் திரும்பப் போட 19 செக்கன். தம்பி தக்காளிக்குக் கை நீட்டும்போது நானும் நீட்டுகிறேன், இருவரும் நின்றுவிடுகிறோம். கத்தி ஒன்றுதான், அது யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் தேடுகிறோம். கோவாவை அந்த நேரத்தில்தான் அரிகிறோம். இதையெல்லாம் செய்துகொண்டே காசும் வாங்குகிறோம். ஒரு பர்கர் முடிய 2 நிமிடம் 40 செக்கன் போகிறது. அதில் கை உண்மையாக வேலை செய்வது ஒரு நிமிடம்கூட இல்லை.

வவுனியா சமையல்கட்டு

இதைத்தான் எதிர்பார்த்தேன். இனிக் கணக்குப் பார்ப்போம்.

12 நிமிடம் என்றால் 720 செக்கன். 22 சாமான் என்றால் ஒவ்வொரு 33 செக்கனுக்கும் ஒன்று மேசையை விட்டுப் போக வேண்டும். இப்போது பரந்தன் தம்பியின் யோசனையை எடுத்துக்கொள்வோம். சான்ட்விச் ஐந்தையும் முன்கூட்டியே செய்து, சுற்றி, பிரிட்ஜில் 5 பாகைக்குக் கீழே வையுங்கள். பாணின் ஓரம்வரை பட்டர் பூசினால்தான் முட்டைக் கலவையின் ஈரம் பாணுக்குள் இறங்காது. மிச்சம் 17. அப்போது 42 செக்கனுக்கு ஒன்று போதும். ஆனால் இலக்கை 35 என்று வையுங்கள். யாராவது வெங்காயம் வேண்டாம் என்பார், யாருக்காவது ஒன்று கீழே விழும். அதற்கும் நேரம் வேண்டும்.

இனி ஒருவர் ஒரு சாமானை முழுதாகச் செய்யக் கூடாது. சாமான் நகர வேண்டும், ஆள் நிற்க வேண்டும். முதல் ஆள் சூட்டுக்கல்லில்: பணிஸை வாட்டுவது, ராப் ரொட்டியைச் சூடாக்குவது. இரண்டாம் ஆள் நடுவில்: சோஸ், கோவா, தக்காளி, கோழி. மூன்றாம் ஆள் சுற்றிக் கொடுப்பது. அந்த மூன்று பேரும் காசைத் தொடவே கூடாது. அதற்கு நான்காவதாக ஒருவர் வேண்டும், வீட்டில் யாராவது அந்த 15 நிமிடம் வந்து நிற்கட்டும். காசு வாங்குபவரே ஓடரைச் சின்னத் துண்டில் எழுதி, சூட்டுக்கல்லுக்கு மேலே கட்டிய கயிற்றில் வரிசையாகக் கொழுவ வேண்டும். வாயால் கத்தினால் மூன்றாவது ஓடரோடு எல்லாம் குழம்பும்.

மயோனைஸை அமுக்கிப் பிழியும் போத்தலில் ஊற்றுங்கள், வாயைக் கொஞ்சம் அகலமாக வெட்டுங்கள். 19 செக்கன் 3 ஆகும். போத்தலைக் கவிழ்த்தே வைத்தால் அடிக்குப் போன சோஸுக்காகத் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பணிஸின் இரண்டு பக்கத்திலும் சோஸ் போடுங்கள். அது ருசிக்கு மட்டுமல்ல, தக்காளித் தண்ணீர் பணிஸில் ஊறாமலும் தடுக்கும்.

கோவாவைப் பின்னேரமே அரிந்து, கழுவி, துணியில் சுற்றி நன்றாக உதறி, ஈரமில்லாமல் வையுங்கள். ஒரு கைப்பிடிக்குப் பதில் ஒரு சிறிய கிண்ணத்தை அளவாக வைத்தால் எல்லாப் பர்கரும் ஒரே மாதிரி வரும், கையும் யோசிக்காது.

முல்லைத்தீவு தாதி

குளிர்ச் சாமான்களை எப்படி வைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன், சாப்பாடு பிழைத்து வருபவர்களைப் பார்க்கிறேன். நம்முடைய வெக்கையில் தக்காளி, கோவா, மயோனைஸ் எல்லாவற்றையும் மேசையில் திறந்து வைத்தால் என்ன ஆகும்? சூடாக இருக்க வேண்டியது 60 பாகைக்கு மேலே, குளிராக இருக்க வேண்டியது 5க்குக் கீழே. இடையில் எதுவும் நிற்கக் கூடாது.

மாங்குளம் மருதா

அக்கா, ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போட்டு அதன் மேலே எவர்சில்வர் கிண்ணங்களை வைக்கிறோம்.

வவுனியா சமையல்கட்டு

கிண்ணம் ஐஸின் மேலே இருக்கிறதா, ஐஸுக்குள் புதைந்திருக்கிறதா? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு முறை என் சமையலறையில் கிண்ணத்தின் அடித் தக்காளியில் தெர்மோமீற்றரைக் குத்தினேன், 4 பாகை. அதே கிண்ணத்தில் மேலே குவிந்திருந்த தக்காளியில் குத்தினேன், 15. ஒரே கிண்ணம்தான். ஐஸ் எந்த மட்டம்வரை சுற்றி நிற்கிறதோ, அந்த மட்டம்வரைதான் குளிர். அதற்கு மேலே குவிப்பது மேசையில் வைப்பதற்குச் சமம்.

ஆகவே சிறிய கிண்ணமாக எடுங்கள். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே மட்டும் நிரப்புங்கள். ஐஸ் அந்த மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். உருகிய தண்ணீரை வடித்து ஐஸைச் சேருங்கள். ஒரு பஸ்ஸுக்கு ஒரு கிண்ணம் என்று கணக்கு வைத்து, மிச்சத்தைப் பிரிட்ஜில் வையுங்கள். தக்காளியை வெட்டியதும் கம்பித் தட்டில் கொஞ்ச நேரம் வடியவிட்டுப் பிறகு கிண்ணத்தில் அடுக்குங்கள்.

மயோனைஸைப் பொறுத்தவரை, கடையில் வாங்குவதில் புளிப்பு இருப்பதால் கொஞ்சம் தாங்கும், இருந்தாலும் திறந்த பிறகு பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். பச்சை முட்டை அடித்து வீட்டில் செய்யும் மயோனைஸை இந்த மாதிரிக் கடையில் பாவிக்கவே வேண்டாம். முட்டையையோ கோழியையோ மயோனைஸில் கலந்துவிட்டால் அதை இறைச்சி மாதிரியே நடத்துங்கள்.

பரந்தன் பையன்

அப்போது கோழியை மட்டும் பொரித்து அந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம்தானே? லைட் எரிகிறது, கை வைத்தால் சுடுகிறது.

முல்லைத்தீவு தாதி

கண்ணாடி சுடும். கோழியின் நடுவில் எத்தனை பாகை? தெர்மோமீற்றரைக் குத்திப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாங்குளம் மருதா

அந்த அக்கா சொன்ன பிறகு கிளிநொச்சிக்குப் போய் ஒரு தெர்மோமீற்றர் வாங்கினேன். எண்ணெயிலிருந்து எடுத்ததும் தடித்த துண்டின் நடுவில் 81. கண்ணாடிப் பெட்டியில் 25 நிமிடம் வைத்த பிறகு 47. நான் இவ்வளவு நாளும் அது சூடாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முல்லைத்தீவு தாதி

47 என்பது கிருமிக்கு நல்ல வசதியான இடம்தான் தங்கச்சி. அந்தப் பெட்டியில் கோழி வைக்க வேண்டாம்.

வவுனியா சமையல்கட்டு

தாதி அக்கா சொல்வது சரி, ஆனால் இங்கே இரண்டு கடிகாரம் ஓடுகின்றன. ஒன்று பாதுகாப்பு. நடுவில் 75 பாகையைத் தாண்டிப் பொரிந்த கோழி 60க்குக் கீழே இறங்கினாலும் உடனே நஞ்சாகாது. இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் நேரத்தைக் கண்டிப்பாக எழுதி வைக்க வேண்டும். மற்றது மொறுமொறுப்பு. அது 20 நிமிடம்தான் நிற்கும். மருதாவுக்கு இரண்டாவது கடிகாரம்தான் முதலில் முடியும். அவர் 20 நிமிடத்துக்கு மேல் வைக்கவே போவதில்லை என்றால், பெட்டியின் சூடு குறைவு என்பது ருசிப் பிரச்சினைதான்.

பெட்டியில் வைக்கும்போது கம்பித் தட்டின் மேல் ஒற்றை அடுக்காக, மூடாமல் வையுங்கள், கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் அடியில் இருப்பது வேர்த்து நனையும்.

முல்லைத்தீவு தாதி

உங்களைப் போல நேரம் எழுதி வைக்கிறவர் எத்தனை பேர்? கடையில் வேலை கூடினால் முதலில் மறப்பது அந்தப் பேனையைத்தான். 60க்கு மேலே வைக்கும் பெட்டி வாங்குவதே நல்லது என்றுதான் இன்னும் சொல்வேன். அதற்குக் கரண்ட் போகும் நாளில் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள்.

மாங்குளம் மருதா

அக்கா, பெட்டி வாங்கக் காசு சேர்க்கிறேன். அதுவரை நேரத்தை எழுதுவேன். கதவில் பேப்பர் ஒட்டி பேனையை நூலில் கட்டிவிட்டேன்.

இப்போது புதன்கிழமை முடிவு. புது வரிசையில் 24 பேர் வந்தார்கள். 10 நிமிடம் 50 செக்கனில் 21 பேருக்குக் கொடுத்துவிட்டோம். கடைசி மூன்று பேருக்குக் கோழி முடிந்துவிட்டது. அவர்கள் முட்டை ராப் எடுத்துக்கொண்டார்கள், யாரும் வெறுங்கையோடு போகவில்லை. தட்டில் 4 துண்டு மிஞ்சும்போது அடுத்த சட்டியைப் போட்டோம், ஆனால் அது பொரிந்து வர பஸ் புறப்படும் நேரம் ஆகிவிட்டது. இன்னொன்று, ராப் இரண்டு மூன்று அடுத்தடுத்து வந்தால் தங்கச்சிக்கு முன்னால் குவிகிறது.

வவுனியா சமையல்கட்டு

இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

கோழி: பொரிய 6 நிமிடம். உங்கள் வரிசை ஏறக்குறைய 30 செக்கனுக்கு ஒரு சாமான் விடுகிறது. அதாவது ஒரு சட்டி பொரிவதற்குள் 12 சாமான் போய்விடும். தட்டில் 4 இருக்கும்போது போடுவது எப்படிப் போதும்? நெரிசல் தொடங்கிய பிறகு கோழியைப் பிடிக்க முடியாது, முடிவை அதற்கு முன்பே எடுக்க வேண்டும். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பஸ்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன் நிற்கும். ஆட்கள் கற்பூரம் கொளுத்திக் கடலை வாங்கும்போது கொண்டக்டர் உங்களுக்கு ஒரு மிஸ்கோல் தரட்டும், முடிந்தால் எத்தனை பேர் என்றும் சொல்லட்டும். அங்கிருந்து உங்களிடம் வரக் கால் மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். கோல் வந்ததும் முதல் 6 துண்டு, அது எடுத்ததும் அடுத்த 6, பஸ் கதவு திறந்ததும் மூன்றாவது 6. முதல் சட்டி 20 நிமிடத்தைத் தாண்டாமல் முடிந்துவிடும், மூன்றாவது சரியாக நடுவில் வந்து சேரும். ஒரு சட்டியில் 6க்கு மேல் போடாதீர்கள். எண்ணெயின் சூடு விழுந்தால் மா எண்ணெய் குடிக்கும், 6 நிமிடமும் 8 ஆகும்.

ராப்: சுற்றும் இடத்தில் பர்கருக்கு எத்தனை செக்கன், ராப்புக்கு எத்தனை?

மாங்குளம் மருதா

பர்கர் 14. ராப் 41. நடுவில் நிற்கிற எனக்கு எதுவானாலும் 25 போல.

வவுனியா சமையல்கட்டு

10 பர்கரும் 7 ராப்பும் என்றால் அந்த இடத்தில் சராசரி 25 செக்கன் வருகிறது. சராசரியைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆட்கள் சராசரியாக வரமாட்டார்கள். ஒருவர் ராப் கேட்டால் பின்னால் நிற்கும் கூட்டாளிகளும் அதையே கேட்பார்கள். நீங்கள் 25 செக்கனுக்கு ஒன்று தள்ள, தங்கச்சி 41 செக்கன் எடுக்கிறா. ஒவ்வொரு ராப்புக்கும் 16 செக்கன் பின்னுக்குப் போகும்.

அவ எப்படி மடிக்கிறா என்று சொல்லுங்கள்.

மாங்குளம் மருதா

இரண்டு பக்கமும் உள்ளே மடித்து, உருட்டி, சூட்டுக்கல்லில் ஒட்டும்வரை வைத்து, பிறகு நடுவில் வெட்டி, பேப்பரில் சுற்றுகிறா. ரொட்டி சில நேரம் வெடிக்கிறது.

வவுனியா சமையல்கட்டு

வெடிக்கிறது என்றால் ரொட்டி ஆறிவிட்டது. சூட்டுக்கல்லில் பக்கத்துக்கு 8 செக்கன் போட்டு உடனே ஈரத் துணிக்குள் அடுக்குங்கள், வளைந்து கொடுக்கும். பஸ் வரும்போது 4 ரொட்டி துணிக்குள் தயாராக இருக்கட்டும்.

மடிப்பில் ஒரு பக்கம் மட்டும் மூடினால் போதும். ரொட்டியைப் பேப்பரின் மேலேயே வைத்து உள்ளீட்டை நீளமாகப் போடுங்கள். அடிப்பக்கத்தை மேலே மடித்து, பேப்பரோடு சேர்த்தே ஒரே உருட்டாக உருட்டி, அடியில் பேப்பரை முறுக்கிவிடுங்கள். மேல்பக்கம் திறந்திருக்கும், பஸ்ஸில் ஒரு கையால் பிடித்துச் சாப்பிட வசதி. கல்லில் ஒட்ட வைப்பதும் இல்லை, வெட்டுவதும் இல்லை. கைப்பழக்கம் வந்தால் 24, 25 செக்கனுக்குள் முடியும். உள்ளீட்டைக் கூட வைக்க வேண்டாம், கூடினால் எந்த மடிப்பும் நிற்காது.

ஒட்டுசுட்டான் கடைக்காரர்

ஒரு விசயம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் மரக்கறிதான் கேட்பார்கள். கோழி பொரித்த எண்ணெயில் மரக்கறிக் கட்லட் பொரித்தால் கோயிலுக்குப் போய் வருகிறவர் சாப்பிடமாட்டார். வரிசையில் கோழி கடைசியாக, சுற்றுகிற ஆளுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. எங்கள் கடையில் கோழி இடுக்கிக்குச் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறோம். அது மரக்கறிப் பக்கம் வந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

மாங்குளம் மருதா

இந்த சனிக்கிழமை: 23 பேர், 9 நிமிடம் 30 செக்கன். கோழி இரண்டு துண்டு மிஞ்சியது. ராப் ஆறு, ஒன்றும் வெடிக்கவில்லை. டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் ஆறுதலாக இருந்து சாப்பிட நேரம் இருந்தது.

ஒட்டுசுட்டான் அண்ணை சொன்னபடி வெள்ளிக்கிழமைக்குத் தனிச் சட்டி வைக்கப் போகிறேன். ஆனால் அடுப்பில் இரண்டு வாய்தான். கோழிச் சட்டி, மரக்கறிச் சட்டி இரண்டையும் வைத்தால் சூட்டுக்கல்லுக்கு இடமில்லை. மிஞ்சிய இரண்டு துண்டையும் அடுத்த நாள் ராப்புக்குப் பிய்த்துப் போடலாம் என்று தம்பி சொல்கிறான்.

முல்லைத்தீவு தாதி

பெட்டியில் ஆறிப்போன துண்டை அடுத்த நாளைக்கு வைக்க வேண்டாம். அன்றே நீங்கள் சாப்பிடுங்கள்.

வவுனியா சமையல்கட்டு

நேரம் எழுதியிருந்து, உடனே பிரிட்ஜில் போய், திரும்ப 75க்கு மேலே சூடாக்கினால் எனக்குப் பயமில்லை. ஆனால் இரண்டு துண்டுக்காக அந்தப் பாடு தேவையா என்பது வேறு கதை. அக்கா சொன்னதையே செய்யுங்கள்.

அடுப்புக்கு: வெள்ளிக்கிழமை மட்டும் பணிஸ் வாட்டுவதை முன்கூட்டியே செய்து துணியில் மூடி வைத்துப் பாருங்கள். நான் அப்படிச் செய்ததில்லை, எத்தனை நிமிடம் மொறுமொறுப்பு நிற்கும் என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

பரந்தன் பையன்

அக்கா, என்னிடம் ஒற்றை வாய் காஸ் அடுப்பு ஒன்று சும்மா கிடக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டுவருகிறேன், சூட்டுக்கல்லை அதில் வையுங்கள்.